உடல் எடையும் மூச்சும்: இளைப்பு, ஆஸ்துமா, ஸ்டாமினா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. வெயிட்தான் காரணம்னா, அது மூச்சை என்ன பண்ணுது?

மூச்சு விடுவதில் பெரும்பாலான வேலையைச் செய்வது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிக் கொழுப்பு அடைத்திருந்தால் அது இறங்க இடம் இல்லை. போதாததற்கு, நெஞ்சுக்கூட்டின் மேல் படிந்திருக்கும் கொழுப்பையும் ஒவ்வொரு மூச்சிலும் தூக்கியாக வேண்டும்.

இதனால் மூச்சை இழுக்கும் கொள்ளளவு பாதியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பெரிதாகக் குறைவதில்லை, மிகவும் பருமனானவர்களைத் தவிர. அடிபடுவது வேறு ஒன்று. இயல்பாக மூச்சை விட்டுவிட்டு, அங்கேயே நிறுத்தி, மேற்கொண்டு முக்கி ஊதிப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் காற்று வரும். எடை அளவாக உள்ள பெரியவர்களுக்கு இந்தக் கையிருப்புக் காற்று சுமார் ஒரு லிட்டர் இருக்கும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ என்ற எண் 30 உள்ளவர்களிடம் இது பிஎம்ஐ 20 உள்ளவர்களிடம் இருந்ததில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் இருந்தது. அதாவது, எடை கூடியவர் நுரையீரல் கிட்டத்தட்ட காலியாகும் இடத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நிலையில் காற்றுக் குழாய்கள் குறுகியிருக்கும். நுரையீரலின் அடிப்பக்கத்தில் சில சின்னக் குழாய்கள் மூச்சை விடும்போது மூடிக்கொள்ளவும் செய்யும். அவற்றைத் திரும்பத் திறந்துதான் அடுத்த மூச்சு உள்ளே போக வேண்டும்.

இந்த உழைப்புக்கே ஆக்சிஜன் செலவாகிறது. சும்மா இருக்கும்போது, உடல் எடுக்கும் ஆக்சிஜனில் மூச்சு விடும் வேலைக்கு ஆகும் செலவு சாதாரண எடை உள்ளவருக்கு 3 சதவீதத்துக்கும் குறைவு. மிகவும் பருமனானவர்களை 1999-ல் அளந்தபோது அது 16 சதவீதம் அளவுக்குப் போனது. மாடிப்படியில் கால் வைக்கும் முன்பே செலவு தொடங்கிவிடுகிறது.

குனிஞ்சு கோலம் போட முடியலை, மல்லாக்கப் படுத்தாலும் முட்டுது. ஏன்?

குனியும்போதும் மல்லாந்து படுக்கும்போதும் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மேலே சொன்ன கையிருப்பு இன்னும் சுருங்குகிறது. ஒருக்களித்துப் படுத்தால் அல்லது தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் சட்டென்று இதமாக இருந்தால் வயிற்றுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் இதே இரண்டு தொல்லைகளும் இதயம் பலவீனமானாலும் வரும். கால் வீக்கம், நடுராத்திரியில் மூச்சுக்காக எழுந்து உட்காருவது, சில நாட்களிலேயே இரண்டு மூன்று கிலோ ஏறுவது ஆகியவை கூட இருந்தால் எடை மேல் பழி போட்டுவிட்டு இருக்காதீர்கள். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்துமான்னு சொல்லி இன்ஹேலர் கொடுத்தாங்க. ஆறு மாசமா இழுக்கிறேன், பெரிசா ஒண்ணும் தெரியலை. இது ஆஸ்துமாதானா, இல்ல வெயிட்டா?

முதலில் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி: ஊதிப் பார்க்கும் டெஸ்ட், அதாவது ஸ்பைரோமெட்ரி, எடுத்தீர்களா? மூச்சு வாங்குகிறது என்று சொன்னதும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு இன்ஹேலர் எழுதிக் கொடுப்பது சர்வசாதாரணம். கனடாவில் 2008-ல், டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லியிருந்தவர்களை முறையாகப் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு ஆஸ்துமாவே இல்லை. பருமனானவர்கள், அல்லாதவர்கள் என்று இதில் பெரிய வித்தியாசமும் இல்லை.

டெஸ்டுக்குப் போகும் முன்பே ஓரளவு ஊகிக்கலாம். ஆஸ்துமா நாளுக்கு நாள் மாறும். நான்கு நாள் ஒன்றுமே இருக்காது. ஐந்தாம் நாள் ஒட்டடை அடித்தாலோ, சாம்பிராணிப் புகை பட்டாலோ, மழை பிடித்தாலோ நெஞ்சு இறுகி விசில் சத்தம் வரும். விடியற்காலை இருமல் எழுப்பிவிடும். எடையால் வரும் இளைப்புக்கு இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. அதே மாடி, அதே வேகம் என்றால் திங்கட்கிழமையும் அதே இளைப்பு, சனிக்கிழமையும் அதே இளைப்பு. உட்கார்ந்தால் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். தூக்கத்திலிருந்து எழுப்பாது.

இன்னொரு நல்ல துப்பு, எப்போது உச்சத்துக்குப் போகிறது என்பது. எடையால் வரும் இளைப்பு வேலை செய்யும்போது உச்சத்தில் இருந்து, நின்றதும் இறங்கும். உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமாவோ பெரும்பாலும் நின்று ஐந்து பத்து நிமிடம் கழித்துத்தான் முற்றும். இருமலும் இறுக்கமும் அரை மணி நேரத்துக்கு மேல்கூட இழுக்கும்.

டெஸ்டில் முழு மூச்சை இழுத்து, முடிந்த வேகத்தில் ஊதித் தள்ளச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்றை எஃப்இவி1 என்றும், மொத்தமாக ஊதிய காற்றை எஃப்விசி என்றும் குறிப்பார்கள். பிறகு மூச்சுக் குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தை நான்கு பஃப் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். எஃப்இவி1 குறைந்தது 12 சதவீதமும், 200 மில்லியும் ஏறினால் அது ஆஸ்துமா பக்கம் சாய்கிறது. இரண்டுமே ஏற வேண்டும். உதாரணத்துக்கு, 1.70 லிட்டர் 1.96 ஆனால் 260 மில்லி, அதாவது 15 சதவீதம்; ஆஸ்துமாவுக்கு நல்ல சான்று. 1.90 லிட்டர் 1.97 ஆனால் 70 மில்லிதான்; அது கணக்கில் வராது. எடை மட்டுமே காரணமாக இருந்தால் பெரும்பாலும் எஃப்இவி1, எஃப்விசி இரண்டும் சேர்ந்தே கொஞ்சம் குறைந்திருக்கும், அவற்றின் விகிதம் கெட்டிருக்காது, மருந்துக்குப் பிறகும் பெரிய மாற்றம் தெரியாது.

டெஸ்ட் அன்று காலையில் இன்ஹேலர் போட்டுக்கொண்டு போனால் ரிசல்ட் பொய்யாக நார்மல் காட்டலாம். அவசர இன்ஹேலரைக் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு முன் நிறுத்தியிருக்க வேண்டும். தினசரி இன்ஹேலருக்கு இடைவெளி இன்னும் அதிகம், அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நல்லா இருக்கும் நாளில் ஊதினாலும் நார்மல் வரலாம். அப்போது ஊதும் வேகத்தை வீட்டிலேயே அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை வாங்கி இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதிக் குறித்து வரச் சொல்வோம். ஏற்ற இறக்கம் தினமும் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆஸ்துமாவைத் தள்ளிவிட முடியாது.

கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 8 இருக்கும் பெண்ணுக்கு மாடியில் மூச்சு வாங்கத்தான் செய்யும். அவர் குண்டாக இருப்பதாலேயே யாரும் அதைப் பார்க்காமல் விட்டுவிடுவதும் உண்டு. தைராய்டையும் அதே ஊசியில் பார்த்துவிடலாம்.

வெயிட் கூடினதாலேயே ஆஸ்துமா வருமா?

வாய்ப்பு கூடுகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அதிக எடை உள்ளவர்களுக்குப் புதிதாக ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

நடைமுறையில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கிறோம். சிறு வயதிலிருந்தே தும்மல், அலர்ஜி, இழுப்பு என்று இருந்து, பிறகு எடையும் சேர்ந்துகொண்டவர்கள் ஒரு வகை. நாற்பதை ஒட்டிய வயதில், அலர்ஜி எதுவும் பெரிதாக இல்லாமல், எடை கூடிய பிறகு ஆரம்பிப்பவர்கள் இன்னொரு வகை. இவர்களில் பெண்கள் அதிகம். இந்த இரண்டாம் வகையில் ஸ்டீராய்டு இன்ஹேலர் எதிர்பார்த்த அளவுக்குக் கேட்காமல் போவதுண்டு, ஏனென்றால் ஸ்டீராய்டு அடக்கும் அலர்ஜி வகை அழற்சி இவர்களிடம் குறைவு. வயிற்றுக் கொழுப்பு ரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருட்களும், குறைந்த காற்றோடு மூச்சு விடுவதால் ஆழமாக விரியாமலே சுருங்கிக் கிடக்கும் குழாய்த் தசைகளும்தான் இங்கே பெரிய பிரச்சினை. எடை குறைவதால் அதிகம் பலன் அடைபவர்களும் இவர்கள்தான்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் போட்டதுக்கு அப்புறம்தான் குண்டானேன். அதை நிறுத்திட்டா வெயிட் இறங்கும்ல?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இன்ஹேலரில் ஒரு பஃப்பில் இருப்பது 100, 200 மைக்ரோகிராம். ஒரு 5 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் மாத்திரை என்பது 5000 மைக்ரோகிராம். இழுப்பு முற்றினால் அதைப் போல எட்டு மாத்திரை அளவுகூட ஒரு நாளைக்குக் கொடுப்போம். வீரியம் மருந்துக்கு மருந்து வேறு என்றாலும், பசியைத் தூண்டி எடையை ஏற்றுவதில் மாத்திரைக்கும் ஊசிக்கும் முன்னால் இன்ஹேலர் ஒன்றுமே இல்லை.

நடப்பது என்னவென்றால், பயந்துபோய் இன்ஹேலரை விடுகிறார்கள், மாதம் ஒரு தடவை இழுப்பு வருகிறது, பக்கத்து கிளினிக்கில் ‘ஒரு ஊசி’ போட்டதும் சொர்க்கமாக இருக்கிறது. அந்த ஊசியில் ஸ்டீராய்டு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் ‘மூச்சுப் பொடி’யும் அப்படித்தான், உடனே கேட்கிறது, முகம் ஊதுகிறது என்றால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகப்படத்தான் வேண்டும். போன வருஷம் எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை கோர்ஸ் என்று எண்ணிப் பாருங்கள். எடை ஏறிய மாதங்களோடு அது பெரும்பாலும் பொருந்தும்.

எத்தனை கிலோ குறைச்சா வித்தியாசம் தெரியும்?

கிலோவாகப் பார்க்காமல் சதவீதமாகப் பாருங்கள். ஒரு கணக்குக்கு, 46 வயது, 156 செ.மீ. உயரம், 84 கிலோ உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிஎம்ஐ 34.5. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று வைத்திருக்கிறோம். அந்த 25-க்கு வர அவர் 61 கிலோ ஆக வேண்டும். 23 கிலோ குறைக்கச் சொன்னால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். மூச்சுக்கு அது தேவையும் இல்லை.

அவருக்கு 5 சதவீதம் என்பது 4 கிலோ, 10 சதவீதம் என்பது 8 கிலோவுக்குச் சற்று மேல். ஆஸ்திரேலியாவில் 2013-ல் வெளியான ஆய்வில், பருமனான ஆஸ்துமாக்காரர்களில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா கட்டுப்பாடு குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. ஃபின்லாந்தில் 2000-ல் 38 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் எட்டு வாரம் மருத்துவக் கண்காணிப்பில் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். அவர்கள் எடை 14 சதவீதம் போல இறங்கியது. ஊதும் அளவுகள் ஏறின, இளைப்பு குறைந்தது. ஒரு வருஷம் கழித்தும் 11 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள், பலனும் நின்றது. ஆய்வு சின்னதுதான், ஆனால் தெளிவானது. மறுபக்கம், அமெரிக்காவில் 2015-ல் சராசரியாக நான்கு கிலோ குறைத்த ஒரு குழுவில், மொத்தமாகப் பார்த்தால் ஆஸ்துமாவில் வித்தியாசம் தெரியவில்லை. 10 சதவீதத்தைத் தாண்டியவர்களிடம் தெரிந்தது.

ஆகவே நம் 84 கிலோப் பெண்ணுக்கு நான் சொல்வது: 80-ல் குனிவதும் படுப்பதும் கொஞ்சம் இலகுவாகலாம். இன்ஹேலர் கணக்கில் மாற்றம் எதிர்பார்க்க 76 வரை வர வேண்டும். தினம் 500 கலோரி குறைந்தால் ஆரம்பத்தில் வாரம் அரைக் கிலோ போல இறங்கும், பிறகு வேகம் குறையும். 76-க்கு வர ஐந்தாறு மாதம் வையுங்கள். ஒரு கப் சோறு சுமார் 200 கலோரி. இரண்டு வேளையும் ஒவ்வொரு கப்பைக் குறைத்து, சாயங்கால வடையை விட்டாலே 500 வந்துவிடும். பருப்பு, முட்டை, மீன், மோர் இவற்றில் கை வைக்க வேண்டாம். காரணம் இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

தராசைவிட இன்ச் டேப் மூச்சுக்கு நல்ல அளவுகோல். இடுப்பிலும் தொடையிலும் உள்ள கொழுப்பு உதரவிதானத்தை அழுத்துவதில்லை, வயிற்றில் இருப்பதுதான் அழுத்துகிறது. வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் அதிகம்.

நடந்தாலே இழுக்குதே, அப்புறம் எப்படி நடந்து வெயிட் குறைக்கிறது?

எடையை இறக்குவதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான், அதனால் நடக்க முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நடைக்கு, டாக்டர் சொல்லியிருந்தால், கிளம்ப 10–15 நிமிடத்துக்கு முன் அவசர இன்ஹேலர் இரண்டு பஃப், முடிந்தால் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயை இன்ஹேலரில் மாட்டி. முதல் பத்து நிமிடம் உலாவுவது போல. அப்புறம் இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி. வேகத்தில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிய வேண்டும். பாட முடிந்தால் மெதுவாகப் போகிறீர்கள், இரண்டு வார்த்தைக்கு மேல் வராவிட்டால் கூடுதல். குப்பை எரிக்கும் நேரத்தையும், மார்கழிப் பனியோடு புகை தங்கும் விடியற்காலையையும் தவிர்த்து சாயங்காலம் போங்கள்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள் மெஷின் பரவாயில்லை. தினமும் முன்கூட்டி இன்ஹேலர் போட்டும் இழுத்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். முதலில் மருந்தைச் சரிசெய்ய வேண்டும்.

எட்டு கிலோ குறைச்சாச்சு. மூச்சு தேவலாம், ஆனா ஸ்டாமினா வரலையே?

ஸ்டாமினாவில் இரண்டு கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன பெண்ணின் உடலால் உச்சகட்டமாக நிமிடத்துக்கு 1.7 லிட்டர் ஆக்சிஜனை எடுக்க முடியும் என்று வைப்போம். மெதுவாக மாடி ஏற, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 14 மில்லி போல வேண்டும். 84 கிலோவில் அது 1.18 லிட்டர், உச்சத்தில் 69 சதவீதம். பயிற்சி இல்லாதவருக்கு உச்சத்தில் பாதியைத் தாண்டும்போதே பேச்சு திணறத் தொடங்கும் என்பதால் இது கஷ்டமான வேலைதான்.

எடை 76 ஆனதும் அதே மாடிக்கு 1.06 லிட்டர் போதும், 62 சதவீதம். இது எடை குறைந்ததால் வந்த லாபம், இவ்வளவுதான். உச்ச அளவு 1.7 அப்படியே இருக்கிறது. அதை ஏற்றுவது இதயமும் கால் தசையும். அவற்றுக்கு வேலை கொடுத்தால்தான் ஏறும். மூன்று நான்கு மாத நடையில் உச்சம் 15 சதவீதம் கூடி 1.95 ஆனால், மாடி 54 சதவீதமாகிறது. ‘மூச்சே வாங்கலையே’ என்று அவர் சொல்லும் இடம் அது.

சாப்பாட்டை மட்டும் வெட்டி இளைத்தவர்கள் கொழுப்போடு தசையையும் இழக்கிறார்கள். அவர்களுக்கு உச்சம் 1.7-லிருந்து கீழேகூட போகலாம். எடை குறைந்தும் சோர்வு மிச்சம். பருப்பு, முட்டையில் கை வைக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். வாரம் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை மூன்று தடவை, பத்துப் பத்தாகச் செய்யுங்கள். எடை குறைக்கும் ஊசி போடுபவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ராத்திரி பயங்கர குறட்டை, பகல்ல பஸ்ல உட்கார்ந்தா தூங்கிடறேன். இதுவும் வெயிட்டா?

தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து விடுகிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். கழுத்துச் சுற்றளவு ஆண்களுக்கு 17, பெண்களுக்கு 16 இன்ச் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. இந்தத் தூக்க மூச்சடைப்பு ஆஸ்துமாவையும் கெடுக்கும். எடை 10 சதவீதம் குறைந்தால் அடைப்புகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு குறையும் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2000-ல் கணித்தது. கால்பங்குதான், ஆகவே ஸ்லீப் ஸ்டடியில் தீவிரம் என்று வந்தவர்கள் எடை இறங்கும்வரை காத்திராமல், தூக்கத்தில் முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிபேப் மெஷினைப் போட வேண்டும்.

காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் மந்தம், கால் வீக்கம் இருந்தால் ரத்தத்தில் கரியமிலவாயு தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் 27-க்கு மேல் இருப்பது ஓர் அறிகுறி. இவர்கள் தூக்க மாத்திரை போடுவது ஆபத்து.

ஆக்சிமீட்டர்ல 97 காட்டுது. அப்போ பயப்பட வேண்டாம்தானே?

அந்த நிமிடத்தில் ஆக்சிஜன் போதுமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்துமா இழுப்பின் ஆரம்பத்தில் 97 காட்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு முட்டுவது, அவசர இன்ஹேலர் போட்டும் இறங்காதது, உதடு நீலமாவது, நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி திடீரென மூச்சு வாங்குவது என்றால் மீட்டரைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வெயிட் குறைஞ்சிடுச்சு, இழுப்பே இல்லை. இன்ஹேலரை விட்டுடலாமா?

இரண்டு மூன்று மாதம் ராத்திரி இருமல் இல்லை, அவசர இன்ஹேலர் தேவைப்படவில்லை என்றால் டோஸைக் குறைக்கும் பேச்சை எடுக்கலாம். மறுபடி ஸ்பைரோமெட்ரி ஊதி, பழைய ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்து, ஒரு படி மட்டும் இறக்குவோம். பொதுவாக டோஸில் கால் முதல் பாதி வரை. மழைக்காலம் தொடங்கும்போதும் சளி பிடித்திருக்கும்போதும் இறக்க மாட்டோம். அலர்ஜியோடு சிறு வயதிலிருந்தே இருக்கும் ஆஸ்துமா என்றால் கொஞ்சமாவது தொடர வேண்டியிருக்கும். முன்பு டெஸ்டே எடுக்காமல் இன்ஹேலர் ஆரம்பித்தவராக இருந்தால், எடை இறங்கிய இந்த நேரம் ஆஸ்துமா உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நல்ல நேரம். பழைய மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.